ஆறாவது வரிசையும் எட்டாவது வரிசையும்: பெரிய நன்கொடைக்கு முன் படிக்க வேண்டிய ஒரு பக்கம்

"பதிவு பெற்ற அறக்கட்டளைதான். 80ஜி எல்லாம் இருக்கிறதாம். செக் எழுதப் போகிறேன், நீ ஒரு பார்வை பார்த்துவிடு" என்று என் மாமா தொலைபேசியில் சொன்னது 2024 ஜூன் மாதத்தில். பாட்டியின் நினைவாக ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். ஆதரவற்ற முதியோரைப் பராமரிக்கும் ஒரு சிறிய அறக்கட்டளையை அவரே நேரில் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். நான் சில ஆண்டுகள் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். அந்த ஒரு தகுதியால் குடும்பத்தில் வரி தொடர்பான காகிதம் எது வந்தாலும் என்னிடம்தான் வரும்.

அன்று வந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "செக் புத்தகத்தை மூடி வையுங்கள் மாமா" என்றேன். அந்த அறக்கட்டளை போலி என்பதால் அல்ல. அது நேர்மையான அறக்கட்டளை, இன்றும் நன்றாகவே நடக்கிறது. ஆனால் அவர்கள் அனுப்பிய சான்றிதழ் வேறு எதற்கோ உரியது. அந்தக் குழப்பம் எப்படி வருகிறது, அதை ஐந்து நிமிடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே சொல், மூன்று பொருள்

"பதிவு பெற்றது" என்ற சொல்லை நாம் மூன்று வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். மூன்றும் வேறு வேறு இடங்களில் நடப்பவை.

முதலாவது, அமைப்பு பிறந்ததற்கான பதிவு. அறக்கட்டளை என்றால் அதன் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். சங்கம் என்றால் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ். லாப நோக்கமற்ற நிறுவனம் என்றால் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 8-ஆவது பிரிவின் கீழ். லெட்டர்பேடின் தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் "பதிவு எண்" பெரும்பாலும் இதுதான். இப்படி ஓர் அமைப்பு சட்டப்படி இருக்கிறது என்பதற்கு மேல் இந்த எண் எதையும் சொல்லாது. வீட்டுப் பத்திரத்தைப் பதிவு செய்வதுபோல, யார் வேண்டுமானாலும் ஓர் அறக்கட்டளைப் பத்திரத்தை எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். அவர்கள் என்ன தொண்டு செய்கிறார்கள் என்று சார்பதிவாளர் போய்ப் பார்ப்பதில்லை, அது அவர் வேலையும் அல்ல.

இரண்டாவது, வருமான வரித் துறையில் 12ஏ பதிவு. இப்போது அதை 12ஏபி என்ற பிரிவின் கீழ் தருகிறார்கள், ஆனால் பேச்சில் 12ஏ என்றே நிலைத்துவிட்டது. இது அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரி விலக்கு. அவர்கள் பெறும் நன்கொடையையும் வட்டியையும் விதிப்படி தொண்டுக்குச் செலவிட்டால், அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் 80ஜி ஒப்புதல். இது கொடுப்பவருக்கானது. உங்கள் நன்கொடையில் ஒரு பகுதியை உங்கள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் தருவது இது ஒன்றுதான்.

இரண்டாவதும் மூன்றாவதும் குழம்புவதற்கு நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அறக்கட்டளைக்குக் கிடைப்பது விலக்கு, கொடுப்பவருக்குக் கிடைப்பது கழிவு. நாமோ இரண்டையும் "வரி விலக்கு" என்றே சொல்கிறோம். "எங்களுக்கு வரி விலக்கு உண்டு சார்" என்று அறக்கட்டளைச் செயலாளர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன விலக்கு அவருடையது. கேட்பவர் தமக்கு என்று எடுத்துக்கொள்கிறார்.

அந்த ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது

முதலில் ஒரு பழைய கதையை முடித்துவிடுகிறேன். சில அறக்கட்டளைகளின் அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட 80ஜி ஆணை தொங்கும். ரத்து செய்யப்படும் வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு காலத்தில் அது செல்லுபடியான காகிதம்தான். 2020-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்த ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. பழைய ஒப்புதல் வைத்திருந்த எல்லோரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அப்படி விண்ணப்பித்தவர்களுக்கு ஐந்தாண்டு ஒப்புதலும், புதிதாக வந்தவர்களுக்கு மூன்றாண்டுத் தற்காலிக ஒப்புதலும் தந்தார்கள். ஆகவே 2021-க்கு முந்தைய தேதியிட்ட ஆணையை மட்டும் காட்டினால், அதை அருங்காட்சியகப் பொருளாகப் பாவித்துவிட்டுப் புதியதைக் கேளுங்கள்.

புதியது எப்படி இருக்கும்? படிவம் 10ஏசி அல்லது 10ஏடி என்று தலைப்பிட்ட, கட்டம் கட்டிய ஓர் ஆணை. தற்காலிக ஒப்புதலும் 2021-இல் பழையவர்கள் பெற்ற மறு ஒப்புதலும் 10ஏசியில் வந்தன. அதன்பின் முறையான ஒப்புதலோ புதுப்பித்தலோ வந்தால் அது 10ஏடி. 10ஏசியில் எண்ணிட்ட வரிசைகள் இருக்கும். முதல் வரிசையில் பான் எண், இரண்டாவதில் பெயரும் முகவரியும், ஐந்தாவதில் தனிப் பதிவெண், ஆறாவதில் சட்டப் பிரிவு, எட்டாவதில் எந்த மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு என்ற விவரம். இந்த ஐந்தைத் தவிர மற்றவற்றை நீங்கள் படிக்காமல் விட்டாலும் பெரிய இழப்பில்லை.

என் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது ஒரு 10ஏசி. "80ஜி சான்றிதழ்" என்று கோப்புக்குப் பெயரிட்டிருந்தார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆறாவது வரிசையில் ஒரு நீளமான ஆங்கில வாக்கியம், அதன் கடைசிச் சொற்கள் இவை: "of section 12A".

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 12ஏ பதிவுக்கும் 80ஜி ஒப்புதலுக்கும் ஒரே படிவத்தில்தான் ஆணை தருகிறார்கள். தலைப்பு ஒன்று, கட்டம் ஒன்று, பெரும்பாலும் தேதியும் ஒன்று. வேறுபாடு ஆறாவது வரிசையில் மட்டுமே துலக்கமாகத் தெரியும். அது "section 80G" என்று முடிந்தால்தான் அந்தக் காகிதம் கொடுப்பவருக்கு உரியது. கணக்கு எழுதுபவர் இரண்டு கோப்புகளில் ஒன்றை மாற்றி அனுப்பிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. இதை வைத்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம். சரியான கோப்பைக் கேட்டு வாங்கினால் போதும்.

செயலாளரிடம் நானே பேசினேன். "ஐயோ, மாற்றி அனுப்பிவிட்டார்கள் சார், இதோ அனுப்புகிறேன்" என்றார். பத்து நிமிடத்தில் இரண்டாவது காகிதம் வந்தது. ஆறாவது வரிசை சரியாக இருந்தது. இப்போது எட்டாவது வரிசையைப் பார்த்தேன். 2021-இல் ஒரு தேதியில் தொடங்கி, "AY 2024-25" என்று முடிந்திருந்தது.

"2024-25 என்றால் இந்த வருடம்தானே? இன்னும் பத்து மாதம் இருக்கிறதே" என்றார் மாமா. படித்தவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கே அப்படித்தான் தோன்றியது.

ஆங்கிலத்தில் ஏஒய் என்ற அந்த இரண்டு எழுத்துகள் மதிப்பீட்டு ஆண்டைக் குறிக்கின்றன. நீங்கள் சம்பாதிப்பதும் கொடுப்பதும் நிதியாண்டில். அதற்குக் கணக்குக் காட்டுவது அடுத்த ஆண்டில், அதுதான் மதிப்பீட்டு ஆண்டு. ஆகவே 2024-25 மதிப்பீட்டு ஆண்டு என்பது 2023 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 வரை நடந்த கொடுக்கல் வாங்கலைக் குறிக்கிறது. மாமா செக் எழுத இருந்தது 2024 ஜூனில். அந்த நிதியாண்டு 2024-25, அதற்கான மதிப்பீட்டு ஆண்டு 2025-26. கையில் இருந்த ஒப்புதல் மூன்று மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது.

நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்று சொல்கிறேன். எட்டாவது வரிசையில் கடைசியாக எந்த ஆண்டு போட்டிருக்கிறதோ, அதன் முதல் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் மார்ச் 31 அன்று ஒப்புதல் முடிகிறது. 2024-25 என்றிருந்தால் 2024 மார்ச் 31. 2026-27 என்றிருந்தால் 2026 மார்ச் 31. இந்த இரண்டாவது தேதியைச் சற்றுக் கவனியுங்கள். 2021-இல் மறுபடி விண்ணப்பித்த பழைய அறக்கட்டளைகள் ஏராளமானவற்றின் ஐந்தாண்டு ஒப்புதலில் கடைசி ஆண்டு 2026-27 என்றே இருக்கிறது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு 2026 ஏப்ரலுக்குப் பிறகு நன்கொடை கேட்டால், புதுப்பித்த ஆணை எங்கே என்று கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், ஆண்டு வருமானம் ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்படாத சிறிய அமைப்புகளுக்கு 12ஏ பதிவின் காலத்தைப் பத்தாண்டாக நீட்டியது. 80ஜி ஒப்புதலுக்கு அந்த நீட்டிப்பு இல்லை. ஒரே அமைப்பின் இரண்டு காகிதங்களில் முடிவுத் தேதி வேறு வேறாக இருக்கும் காலம் இது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது.

பான் எண்ணின் நான்காவது எழுத்து

காகிதம் சரியாக இருந்தாலும், அது நீங்கள் பணம் கொடுக்கும் அமைப்பின் காகிதம்தானா என்பது தனிக் கேள்வி. இங்கே பான் எண் பெரிய உதவி.

பான் எண் பத்து இலக்கம் கொண்டது. முதல் ஐந்து ஆங்கில எழுத்துகள், பிறகு நான்கு எண்கள், கடைசியில் ஓர் எழுத்து. அதில் நான்காவது எழுத்து அது யாருடைய எண் என்பதைச் சொல்லிவிடும். மாதிரிக்கு `AAATX0000X` என்று வைத்துக்கொள்வோம். நான்காவது இடத்தில் இருக்கும் T அறக்கட்டளையைக் குறிக்கிறது. கம்பெனி என்றால் அங்கே C இருக்கும். நபர்களின் கூட்டமைப்பு என்றால் A, சில சங்கங்களுக்கு இப்படி வரும். தனிநபர் என்றால் P. உங்கள் பான் அட்டையை எடுத்துப் பாருங்கள், நான்காவது எழுத்து P ஆகத்தான் இருக்கும். நன்கொடை ரசீதில் அச்சிட்ட பான் எண்ணில் நான்காவது எழுத்து P என்றிருந்தால், அந்த எண் அமைப்புடையது அல்ல, யாரோ ஒரு மனிதருடையது. அதற்கு மேல் விசாரணை தேவையில்லை.

ஐந்தாவது வரிசையில் இருக்கும் தனிப் பதிவெண் பதினாறு இலக்கம் கொண்டது. அதன் முதல் பத்து இலக்கங்கள் அந்த அமைப்பின் பான் எண்ணேதான். ஆகவே முதல் வரிசையையும் ஐந்தாவது வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கணினியில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிய அவசர வேலை பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.

நன்றாகச் செய்த போலியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு வருமான வரித் துறையின் `incometaxindia.gov.in` தளத்தில் "Exempted Institutions" என்ற பட்டியல் இருக்கிறது. பெயரையோ பான் எண்ணையோ கொடுத்துத் தேடலாம். எந்தப் பிரிவின் கீழ் ஒப்புதல் என்பதையும் அது காட்டும். 12ஏ பதிவைப் பார்த்துத் திருப்தி அடையாமல் 80ஜி இருக்கிறதா என்று பாருங்கள். பெயரை வைத்துத் தேடும்போது எழுத்துக்கூட்டு தொல்லை தரும். "டிரஸ்ட்" என்ற சொல் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா, "ஸ்ரீ" என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்கள் என்பதெல்லாம் தேடலைக் கெடுக்கும். பான் எண்ணை வைத்துத் தேடுவதே நல்லது. பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் போலி என்று முடிவு கட்டவும் வேண்டாம், ஆணையையும் விளக்கத்தையும் கேளுங்கள்.

8-ஆவது பிரிவு நிறுவனமாக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் `mca.gov.in` தளத்திலும் பார்க்கலாம். அவற்றின் நிறுவன எண்ணுக்குள் NPL என்ற மூன்று எழுத்துகள் இருக்கும், லாப நோக்கமற்றது என்பதற்கான அடையாளம் அது. நிறுவனம் நடப்பில் இருக்கிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதா என்பதும் அங்கே தெரியும். சில அமைப்புகள் நிதி ஆயோக்கின் "தர்பன்" தளத்தில் பெற்ற எண்ணைப் பெருமையாகக் காட்டும். அது அமைப்புகள் தங்கள் விவரங்களைத் தாங்களே பதிந்து பெறும் எண், 80ஜிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கடைசியாக வங்கிக் கணக்கு. கணக்கின் பெயரும் ஆணையின் இரண்டாவது வரிசையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். யுபிஐயில் அனுப்பும்போது திரையில் பெறுபவர் பெயர் வருமே, அங்கே அறங்காவலரின் சொந்தப் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். "அறக்கட்டளைக் கணக்கில் கொஞ்சம் பிரச்சினை, தற்காலிகமாக என் கணக்கில் போடுங்கள்" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் அந்தப் பணத்துக்குக் கழிவு கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்காது. ரொக்கமாகக் கொடுப்பதாக இருந்தால் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைக்குக் கழிவே கிடையாது. அரிசி மூட்டை, துணி, கட்டில் என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை.

ஐந்து லட்சத்துக்கு எவ்வளவு

மாமாவுக்கு இன்னொரு கணக்கும் தவறாக மனதில் இருந்தது. 80ஜி என்றால் பாதி, ஐந்து லட்சத்தில் பாதி இரண்டரை லட்சம், அவ்வளவும் வருமானத்திலிருந்து கழியும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு முன்நிபந்தனை. புதிய வரி முறையைத் தேர்ந்தால் 80ஜி கழிவே இல்லை. 2023-24 நிதியாண்டு முதல் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் பொருந்தும். ஆகவே பழைய முறையில் வரி கட்டுபவருக்கு மட்டுமே இந்தக் கணக்கு. மாமா பழைய முறையில் இருந்தார்.

பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்ற சிலவற்றுக்குக் கொடுத்தால் முழுத் தொகையும் வரம்பின்றிக் கழியும். சாதாரணத் தனியார் அறக்கட்டளைகளுக்கு அப்படி இல்லை. அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளும் நன்கொடைக்கே ஓர் உச்சவரம்பு உண்டு. உங்கள் மொத்த வருமானத்திலிருந்து 80சி, 80டி போன்ற மற்றக் கழிவுகளையும் நீண்டகால மூலதன ஆதாயம் போன்ற சிலவற்றையும் நீக்கிய பிறகு மிஞ்சும் தொகையில் 10 சதவீதம்தான் அந்த வரம்பு. அதில் பாதிதான் கழிவு.

மாமாவுக்கு அப்படி மிஞ்சிய வருமானம் 12 லட்சம். பத்து சதவீதம் 1,20,000. அவர் ஐந்து லட்சம் கொடுத்தாலும் ஐம்பது லட்சம் கொடுத்தாலும் கணக்கில் வருவது 1,20,000 மட்டுமே. அதில் பாதி, 60,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழியும். அவர் 30 சதவீத வரி விகிதத்தில் இருப்பதால் 18,000 ரூபாய் வரியும், அதன்மேல் 4 சதவீத செஸ் 720 ரூபாயும் மிச்சம். ஆக மொத்தம் 18,720. வரம்புக்கு மேல் கொடுத்த 3,80,000 ரூபாயை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போகவும் சட்டம் விடாது.

"வரிக்காகவா கொடுக்கிறேன்" என்று மாமா கோபித்துக்கொண்டார். வரிக்காக அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டரை லட்சம் கழியும் என்று நம்பி முன்கூட்டிய வரியைக் குறைத்துக் கட்டிவிட்டு, பிறகு வட்டியோடு கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தொகையை இரண்டு நிதியாண்டுகளில் பிரித்துக் கொடுத்தால் இரண்டு முறை அந்த வரம்பு கிடைக்கும் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கேட்காமலே இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். "ஐந்து லட்சத்துக்கு ரசீது தருகிறோம், எங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம்" என்று சில இடைத்தரகர்கள் வருவார்கள். அந்த அமைப்பின் காகிதங்கள் அத்தனையும் அசலாக இருந்தாலும் அது வரி ஏய்ப்பு. இந்தக் கட்டுரையில் சொன்ன எந்தச் சோதனையும் அதை நேராக்கிவிடாது.

கொடுத்த பிறகு வர வேண்டிய காகிதம்

அந்த அறக்கட்டளை முறையான ஒப்புதலுக்கு விண்ணப்பித்திருந்தது. ஆணை கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டைக் காட்டினார்கள். விண்ணப்பம் வேறு, ஆணை வேறு. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களும் உண்டு. மாமா காத்திருந்தார். அந்த இடைவெளியில் முதியோர் இல்லத்துக்கு இரண்டு முறை மளிகைச் சாமான் வாங்கிக் கொடுத்தார், அதற்குக் கழிவு இல்லை என்று தெரிந்தே. டிசம்பரில் படிவம் 10ஏடி வந்தது. அதில் 2025-26 முதல் 2029-30 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகள். 2025 பிப்ரவரியில் இரண்டரை லட்சம், ஏப்ரலில் இரண்டரை லட்சம் என்று வங்கி வழியாகவே அனுப்பினார். அவர் நிதியாண்டு பிரித்துக் கொடுத்ததை நான் சுட்டிக்காட்டவில்லை.

பணம் போனதும் ரசீது வந்தது. பலர் அந்த ரசீதைப் பத்திரப்படுத்திவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். 2021-22 நிதியாண்டு முதல் ரசீது மட்டும் போதாது. அமைப்பு தனக்கு வந்த நன்கொடைகளின் விவரத்தைப் படிவம் 10பிடியில் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நிதியாண்டு முடிந்தபின் வரும் மே 31 அதற்குக் கடைசி நாள். அப்படித் தாக்கல் செய்த பிறகு தளத்திலிருந்து ஒவ்வொரு கொடையாளருக்கும் படிவம் 10பிஈ என்ற சான்றிதழ் உருவாகும். உங்கள் கழிவு துறையிடம் இருக்கும் இந்த விவரத்தை வைத்துத்தான் அனுமதிக்கப்படுகிறது. அமைப்பு தாக்கல் செய்ய மறந்தால் நீங்கள் கையில் எத்தனை ரசீது வைத்திருந்தும் பயனில்லை. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் அவர்களுக்கு உண்டு, ஆனால் உங்கள் கழிவு அதனால் தானாக வந்துவிடாது.

எனவே பெரிய தொகை கொடுக்கும் முன் கேட்க வேண்டிய மிகப் பயனுள்ள கேள்வி என்று நான் நினைப்பது இதுதான்: "போன ஆண்டு கொடையாளர்களுக்கு 10பிஈ கொடுத்தீர்களா? பெயரை மறைத்துவிட்டு ஒரு மாதிரி காட்ட முடியுமா?" ஆணை வைத்திருக்கும் அமைப்புகளில்கூட இந்த வேலையை ஒழுங்காகச் செய்யாதவை உண்டு. தொண்டு செய்பவர்களுக்குக் காகித வேலை கசப்பாக இருப்பது புரிகிறது. ஆனால் கேள்வி கேட்டதும் கணக்காளரை அழைத்து ஐந்து நிமிடத்தில் எடுத்துக் காட்டும் அமைப்புக்கும், "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று நழுவும் அமைப்புக்கும் வேறுபாடு இருக்கிறது.

மாமாவின் 10பிஈ 2025 மே மாதக் கடைசியில் வந்தது. பெயர் சரி, தொகை சரி, பான் எண்ணில் ஓர் எழுத்து தவறு. தட்டச்சு செய்தவர் அந்த இடத்தில் வேறோர் எழுத்தை அடித்திருந்தார். அப்படியே விட்டால் துறையின் கணக்கில் அந்த நன்கொடை மாமாவின் பெயருக்கு வராது. அமைப்பிடம் சொன்னதும் 10பிடியைத் திருத்தித் தாக்கல் செய்து புதிய சான்றிதழ் அனுப்பினார்கள். அதில் இருக்கும் ஒப்புகை எண்ணை வரிக் கணக்கில் 80ஜி அட்டவணையில், அமைப்பின் பெயர், முகவரி, பான் எண்ணோடு சேர்த்து நிரப்ப வேண்டும்.

இரண்டு விதிவிலக்குகள்

கோயில் திருப்பணிக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 80ஜி ஒப்புதல் பெற்ற அறக்கட்டளை மதக் காரியங்களுக்குத் தன் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது. அதனால் வழிபாட்டுக்கென்றே இருக்கும் அமைப்புக்குப் பொதுவாக இந்த வழியில் ஒப்புதல் கிடைக்காது. வரலாற்று, கலைச் சிறப்பு கொண்டவை அல்லது பரவலாகப் பெயர் பெற்றவை என்று மத்திய அரசு அறிவிக்கை செய்த வழிபாட்டுத் தலங்களின் புதுப்பித்தலுக்குத் தனி ஏற்பாடு உண்டு. அங்கே 10ஏசியைத் தேடாமல் அரசின் அறிவிக்கையைக் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து அனுப்புபவர் எந்தக் குடியுரிமை வைத்திருக்கிறார் என்பது முக்கியம். இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அந்த அமைப்பு வைத்திருக்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும். உள்ளூர்க் கிளைக் கணக்கு எண்ணைக் கொடுத்து "அனுப்புங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அனுப்பாதீர்கள். சிக்கல் அவர்களுக்குத்தான் வரும், பதிவே பறிபோகலாம்.

நான் இங்கே சொன்ன பிரிவு எண்கள் எல்லாம் 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருகிறது, எண்கள் மாறுகின்றன. ஆனால் அமைப்புகள் கையில் வைத்திருக்கும் ஆணைகள் பழைய எண்களோடு இன்னும் சில ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும். மாமாவிடம் இருக்கும் 10ஏடியின் கடைசி ஆண்டே 2029-30. அதன் நகலின் மேல் மூலையில் அவர் பென்சிலால் "31.3.2029" என்று எழுதி வைத்திருக்கிறார். அவரே கணக்குப் போட்டு எழுதியது, சரியாகத்தான் இருக்கிறது.